மறைந்துபோன ஒரு கழித்தல் குறி

பழைய வேதியியல் நூலின் அட்டவணையை ஸ்கேன் செய்தால், அசிட்டிக் அமிலத்துக்கு எதிரே சில வேளை 1.8 × 105 என்று வந்து நிற்கும். அச்சில் இருந்தது 1.8 × 10⁻⁵. பொடி எழுத்தில் இருந்த அடுக்கு கீழே இறங்கிவிட்டது, மெல்லிய கழித்தல் குறி அழிந்துவிட்டது. அப்படியே பெருக்கினால் 189. குறி மட்டும் போய் 10⁵ என்று நின்றால் இன்னும் ஆபத்து. வினிகரில் உள்ள மெலிந்த அமிலம் கடும் அமிலமாகிவிடும்.

சரிபார்க்கப் பக்கத்துப் பத்தியே போதும். அங்கே pKa 4.74 என்றிருக்கும். மடக்கைக் கணக்குப்படி அது 10⁻⁵ உடன்தான் பொருந்தும்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது பத்தித் தலைப்பு. 10⁵Kₐ என்று தலைப்பிட்டு, கீழே 1.8 என்று மட்டும் அச்சிடுவது பழைய வழக்கம். மாறிலியை 10⁵ ஆல் பெருக்கி எழுதிய எண் அது. ஆகவே நாம் வகுக்க வேண்டும். பலர் மறுபடி பெருக்கிவிடுகிறார்கள்.

பின்னத்திலும் இதே சிக்கல்தான். 1½ மணி என்பது 11/2 ஆக விழுந்தால் ஐந்தரை மணியாகிவிடும். மேல் வரிசையில் 1, கீழ் வரிசையில் 2 என்று நேரம் சீராக ஏறுகிறதா என்று பாருங்கள். ஐயம் தீராவிட்டால் மூலப் படத்தைப் பெரிதாக்கி, அந்த இலக்கத்தின் உயரத்தைப் பக்கத்து இலக்கத்தோடு ஒப்பிட வேண்டும்.