இரண்டு லிபியில் ஓர் அறிவிப்பு

1909ஆம் ஆண்டு ஆங்கிலேயருக்கும் சயாமியருக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையால் கெடா ராஜ்யம் பிரிட்டிஷ் பாதுகாப்பின் கீழ் வந்தது. வந்த பின்னரும் சுல்தானுடைய அரசாங்கம் தன் அலுவல்களை மலாய் மொழியில், ஜாவி லிபியில், ஹிஜ்ரி ஆண்டுக் கணக்கிலேயே நடத்திவந்தது. அதே காலத்தில் கூலிம், பாடாங் செராய், பீடோங், சுங்கை பட்டாணி ஆகிய இடங்களைச் சுற்றிக் காடு திருத்தி ரப்பர் நட்ட தோட்டங்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் ஆயிரக்கணக்கில் குடியேறினர். ஆகவே, சர்க்காரோ தோட்ட நிர்வாகமோ ஊரார் அனைவருக்கும் ஒன்றைத் தெரிவிக்க விரும்பினால், கம்பத்து மலாய்க்காரருக்கு ஜாவியிலும் லயத்துத் தமிழருக்குத் தமிழிலும் எழுதிப் பக்கத்தில் பக்கமாக நிறுத்த வேண்டியதாயிற்று. வலமிருந்து இடமாக ஓடும் ஓர் எழுத்தும் இடமிருந்து வலமாக ஓடும் ஓர் எழுத்தும் ஒரே பலகையில் ஒன்றையொன்று நோக்கி நிற்கும் இத்தகைய அறிவிப்பைப் பிழையறப் படியெடுப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஒரே செய்தி இருமுறை எழுதப்பட்டிருப்பதால் வேலை பாதியாகிவிடும் என்று எண்ணுவது இயல்பு; ஒரு பக்கத்தில் அழிந்ததை மறுபக்கத்தைப் பார்த்து நிரப்பிவிடலாம் அல்லவா? அனுபவமுள்ள சாசன ஆராய்ச்சியாளர் எவரும் இதற்கு உடன்படமாட்டார். 1911இல் இலங்கையின் காலி நகரில் ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்ட கல்லை நினைத்துப் பாருங்கள். சீனக் கடற்தளபதி செங் ஹோவின் பயணத்தையொட்டி 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டு நிறுத்தப்பட்ட அக்கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் உள்ளன. காணிக்கைப் பொருள்களின் பட்டியல் மூன்றிலும் ஏறக்குறைய ஒத்திருக்கிறது. ஆனால் காணிக்கை பெறுபவரோ சீனத்தில் புத்தர், தமிழில் தேனவரை நாயனாராகிய திருமால், பாரசீகத்தில் அல்லா. சீனப் பகுதியைக் கொண்டு தமிழ்ப் பகுதியை நிரப்ப முற்பட்டவன், திருமாலின் இடத்தில் புத்தரை எழுந்தருளச் செய்திருப்பான்! ஒரு பலகையின் இரண்டு பத்திகளும் இரண்டு சாட்சிகள். சாட்சிகளைத் தனித்தனியே விசாரித்த பிறகே எதிரெதிரே நிறுத்த வேண்டும்.

முறையை விளக்குவதற்கு ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். இஃது எந்தக் குறிப்பிட்ட பலகையின் நகலுமன்று. அக்கால வழக்கங்களைக் கொண்டு பாடத்துக்காக நான் அமைத்துக்கொண்டது. குரூண் பக்கத்துத் தோட்டச் சாலையொன்றில் மரப்பலகை ஒன்று நிற்கிறது. வலப்பக்கம் ஜாவி, இடப்பக்கம் தமிழில் இப்படி:

விளம்பரம்
இச்சாலையில் மாடு
ஓட்டிச் செல்லக் கூடா
து மீறினால் அபராதம்
௫ வெள்ளி
குரூண் ௧௯௨௯

முதல் வேலை புகைப்படம். நடுப்பகலில் நேர் எதிரே நின்று எடுக்கும் படத்தில் மங்கிய எழுத்துகள் மரத்தோடு மரமாகிவிடும். காலையிலோ மாலையிலோ வெயில் பலகையின் மேல் ஓரமாகச் சாயும் வேளையில், அல்லது ஒரு கைவிளக்கைப் பலகையின் விளிம்பிலிருந்து பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு எடுத்தால், கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் நிழலால் எழுந்து நிற்கும். வண்ணம் பூசிய இடத்தை மழையும் வெயிலும் மெதுவாகவே அரிக்கும். பூசாத இடம் விரைவில் தேயும். எனவே வண்ணம் உதிர்ந்த பின்பும் எழுத்திருந்த இடம் மயிரிழை அளவு மேடாக நிற்கிறது. தலைப்பைச் சிவப்பிலும் வாசகத்தைக் கறுப்பிலும் எழுதிய பலகைகளில் பெரும்பாலும் சிவப்பே முன்னதாக வெளுக்கும். ஆதலால் தலைப்பில்லாத பலகை என்று முடிவு கட்டுவதற்கு முன் அந்த இடத்தை ஒருமுறை சாய்ந்த ஒளியில் பார்த்துவிட வேண்டும். அளவு தெரிய ஓர் அடிக்கோலையும் படத்துக்குள் வைப்பது நலம்.

அடுத்தது வாசிப்பு. ஒருவர் தமிழ்ப் பத்தியை வாசிக்கும்போது ஜாவிப் பத்தியைக் காகிதத்தால் மறைத்துவிட வேண்டும். ஜாவி அறிந்தவர் வாசிக்கும்போது தமிழை மறைக்க வேண்டும். பொருள் முன்னரே தெரிந்துவிட்டால் கண், இருப்பதைப் பார்ப்பதை விட்டு இருக்க வேண்டியதைப் பார்க்கத் தொடங்கிவிடும் என்பதே இதற்குக் காரணம். எழுதும்போது வரிக்கு வரி, எழுத்துக்கு எழுத்து, பிழை இருந்தால் பிழையோடு எழுத வேண்டும். நம் மாதிரியில் ‘கூடா’ ஒரு வரியிலும் ‘து’ அடுத்த வரியிலும் நிற்கின்றன. தமிழ்ப் பலகை எழுதுவோர் இடம் தீர்ந்த இடத்தில் சொல்லை முறித்துவிடுவது சகஜம். ஜாவியிலோ எழுத்துகள் ஒன்றோடொன்று கைகோத்து ஓடுவதால் சொல்லை முறிக்கும் வழக்கம் அரிது. இடம் மிஞ்சினால் எழுத்துகளை இணைக்கும் கோட்டை நீட்டி வரியை நிரப்பிவிடுவர். ஆகையால் தமிழில் ஆறு வரியானது ஜாவியில் நான்கு வரியாக இருக்கலாம். வரிக்கு வரி இணை தேடுவது வீண். வாக்கியத்துக்கு வாக்கியமே இணை சேரும்.

இனி இந்தப் பலகையின் மிக ருசிகரமான இடத்துக்கு வருவோம், அபராதம் எவ்வளவு? தமிழ் எண்களை மறந்துவிட்ட இக்காலத்து வாசகர் ‘௫’ என்ற உருவை ‘ரு’ என்று வாசித்து, ரூபாய் என்பதன் சுருக்கமென்று எண்ணி, தொகை எங்கோ அழிந்துபோயிற்று என்று கருதக்கூடும். சந்தேகம் தீர ஜாவிப் பத்தியைப் பார்த்தால் அங்கே ஒரு சிறு வட்டம் மட்டும் இருக்கிறது. அதைப் பூஜ்யம் என்று கொண்டால் அபராதமே இல்லையென்றாகும்! உண்மையில் அரபு எண் வரிசையில் வட்டம் ஐந்தைக் குறிக்கும். பூஜ்யத்துக்கு வெறும் புள்ளியே அடையாளம். இரு பத்திகளையும் தனித்தனியே அவ்வவற்றின் இலக்கணப்படி வாசித்தால் இரண்டும் ஐந்து வெள்ளி என்றே சாட்சி சொல்கின்றன. வேறு வேறு விதமாகத் தவறக்கூடிய இரண்டு அடையாளங்கள் ஒரே தொகையில் வந்து கூடும்போது அந்த வாசிப்பை உறுதியானதென்று கொள்ளலாம்.

ஆண்டும் அப்படியே. தமிழ்ப் பத்தி 1929 என்கிறது. ஜாவிப் பத்தியில் 1348 என்றிருக்கிறது. அவசரக்காரர் இதைப் பிழையென்று கருதித் திருத்திவிடுவார். ஹிஜ்ரி 1348ஆம் ஆண்டு 1929 ஜூன் மாதத்தில் தொடங்கி 1930 மே மாத இறுதிவரை நடந்தது. ஆகவே இரண்டும் பொருந்துகின்றன. அதற்கும் மேலாக, பலகை 1929இன் பிற்பாதியில் எழுதப்பட்டது என்ற, இரு பத்திகளில் எதுவும் தனித்துச் சொல்லாத ஒரு விவரமும் கிடைக்கிறது. ஜாவியில் 1346 என்று வாசித்திருந்தால் அவ்வாண்டு 1928 ஜூனிலேயே முடிந்துவிடுவதால், எங்கோ வாசிப்புத் தவறியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

ஊர்ப் பெயரில்தான் இரண்டு லிபிகளின் குணமும் குறையும் நன்கு விளங்கும். தமிழ் லிபி உயிர்களைக் குறில் நெடிலென்று கணக்காகக் காட்டும். ஆனால் அதில் ககரம் ஒன்றே, பகரம் ஒன்றே. ஜாவி மெய்களைப் பிரித்துக் காட்டும், உயிர்களில் அலட்சியம். ஒரே எழுத்தே உகரத்துக்கும் ஒகரத்துக்கும் நிற்கும்; வேறொன்று இகரத்துக்கும் எகரத்துக்கும் நிற்கும்; சில உயிர்கள் எழுதப்படுவதே இல்லை. கெடா என்ற பெயரே ஜாவியில் மூன்று மெய்களாக மட்டும் எழுதப்படுகிறது. கூலிம் என்பதை ஜாவியில் மட்டும் கண்ட அந்நியர் கோலெம் என்றும் வாசிக்கலாம். பக்கத்துத் தமிழ் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிடும். சுங்கை பட்டாணியில் முதற்பகரம் எப்படி ஒலிக்கும் என்று தமிழால் சொல்ல முடியாது, ஜாவி சொல்லிவிடும். இப்படி ஒன்றின் மௌனத்தை மற்றொன்று நிரப்புகிறது.

ஆனால் நம் பலகையிலுள்ள குரூண் ஒரு விதிவிலக்கு. ரோமன் எழுத்தில் இவ்வூர்ப் பெயர் Gurun. முதலொலி மெலிந்த ககரம். தமிழ் அதைக் காட்டாது. இக்கால ஜாவியில் மெலிந்த ககரத்துக்குப் புள்ளியிட்ட தனி எழுத்து உண்டு. பழைய எழுத்தர்களோ அந்தப் புள்ளியைப் பலமுறை விட்டுவிடுவர். புள்ளி விட்ட பலகையில் இரண்டு சாட்சிகளும் ஒரே இடத்தில் மௌனம் சாதிக்கின்றன. அங்கே படியெடுப்பவர் ‘புள்ளி இல்லை’ என்று குறிப்பெழுதுவதோடு நிற்க வேண்டுமேயன்றி, தமக்கு ஊர் தெரியும் என்பதற்காகத் தாமே புள்ளி வைத்துவிடக் கூடாது.

அழிந்த இடங்களுக்கும் இதுவே விதி. 1931இல் லெய்டன் நகரில் அறிஞர் கூடி வகுத்த மரபுப்படி, அழிந்து நாம் ஊகித்து நிரப்பும் எழுத்தைச் சதுர அடைப்புக்குள் இட வேண்டும். ஊகிக்கவும் இயலாவிட்டால் அடைப்புக்குள் புள்ளிகள் மட்டும். நம் பலகையில் ‘செல்லக்’ என்பதற்குப் பின் வண்ணம் முழுதும் உதிர்ந்துபோயிருந்தால், ஜாவிப் பத்தி தடையைச் சொல்கிறது என்பது உண்மையே. ஆனால் தமிழ் எழுதியவர் ‘கூடாது’ என்று எழுதினாரா ‘கண்டிப்பாய்த் தடை’ என்று எழுதினாரா என்பதை ஜாவி சொல்லாது. மறுபத்தியிலிருந்து தொகையை மீட்கலாம், தேதியை மீட்கலாம், பெயரையும் ஓரளவு மீட்கலாம். சொல்லை மீட்க முடியாது.

கணினியில் ஏற்றும்போது இன்னும் மூன்று சங்கடங்கள். ஜாவியையும் தமிழையும் ஒரே வரியில் தட்டச்சு செய்தால் எதிரெதிர்த் திசைகள் மோதி எண்கள் இடம் மாறிக் குதிக்கும். ஆகவே இரண்டையும் தனித்தனிப் பகுதிகளாக்கி, ஜாவிப் பகுதிக்கு `lang="ms-Arab" dir="rtl"` என்றும் தமிழ்ப் பகுதிக்கு `lang="ta"` என்றும் அடையாளமிட வேண்டும். தமிழ் எட்டும் அகரமும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றினாலும் எண்ணுக்கு `U+0BEE`, எழுத்துக்கு `U+0B85` என்று குறியீடு வேறு. எண்ணிருந்த இடத்தில் எழுத்தை இட்டுவிட்டால் படி பார்வைக்குச் சரியாகவும் தேடுதலுக்குப் பயனற்றதாகவும் ஆகும். மற்றொன்று தீர்வில்லாதது: 1978இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ‘சாலை’ என்பதிலுள்ள லகர ஐகாரம் யானைத் துதிக்கைபோல் சுழித்து எழுதப்பட்டது, யூனிகோடு அதற்குத் தனியிடம் தரவில்லை, பழையதும் புதியதும் அங்கே ஒரே குறியீடுதான். எனவே உருவத்தைப் புகைப்படமே காப்பாற்ற வேண்டும், குறிப்பில் ‘பழைய வடிவம்’ என்று ஒரு சொல் சேர்க்க வேண்டும்.

கெடாவின் தோட்டங்கள் பல இன்று வீட்டுமனைகளாகிவருகின்றன. தோட்டத்து அலுவலகங்களிலும் கோயில் கிடங்குகளிலும் பழைய பலகைகள் விறகோடு விறகாகக் கிடக்கக்கூடும். அப்படி ஒன்று உங்கள் கண்ணில் பட்டால், துடைத்துப் புதுவண்ணம் பூசுவதற்கு முன், மாலை வெயிலில் இரண்டு பத்திகளும் தெரிய ஒரு படமும் ஒவ்வொரு பத்திக்கும் தனியே ஒரு படமும் எடுத்துவையுங்கள். தமிழை நீங்கள் எழுதுங்கள், ஜாவியைப் பக்கத்துக் கம்பத்தில் அது வாசிக்கத் தெரிந்த ஒரு பெரியவரிடம் காட்டி எழுதி வாங்குங்கள், உங்கள் படியை அவருக்கு முன்கூட்டியே காட்டாமல்.