பாட் ரேட்டைக் குறைத்தால் குப்பை எழுத்து போகுமா?

செலவைக் குறைக்க கிரிஸ்டலைக் கழற்றிவிட்டு, ஏடிமெகா328பி சிப்பை அதன் உள் ஆஸிலேட்டரிலேயே ஓட்டுகிறார்கள். சீரியல் மானிட்டரில் நடுநடுவே குப்பை எழுத்துகள் வருகின்றன. உடனே பலரும் செய்வது, பாட் ரேட்டைக் குறைத்துப் பார்ப்பது. பெரும்பாலும் அதனால் பயனில்லை. காரணம் கணக்கில் இருக்கிறது.

யூஆர்ட்டில் அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் பொதுவான கடிகாரம் கிடையாது. ஸ்டார்ட் பிட் விழும் நொடியில் பெறும் சிப் தன் கடிகாரத்தைத் தொடங்கி, ஒவ்வொரு பிட்டின் நடுவிலும் மதிப்பைப் படிக்கிறது. ஸ்டார்ட் பிட் 1, டேட்டா பிட் 8, ஸ்டாப் பிட் 1 என்று வைத்தால், கடைசியாகப் படிப்பது 9.5 பிட் தூரத்தில். அங்கே அரை பிட்டுக்கு மேல் விலகினால் பக்கத்துப் பிட்டைப் படித்துவிடும்.

```
0.5 / 9.5 = 5.26%
```

இது ஏட்டளவிலான எல்லை. பெறும் சிப் பிட்டை 16 கூறுகளாக்கி, நடுவில் மூன்று முறை படித்துப் பெரும்பான்மையை எடுத்துக்கொள்வதால் எல்லை இன்னும் சுருங்குகிறது. இந்தச் சிப்பின் டேட்டாஷீட் சுமார் 4.5% என்கிறது, அந்தப் பிழை இரு முனைக்கும் பொது என்பதால், ஒரு முனைக்கு 2% தாண்டாமல் வைத்துக்கொள்ளவே பரிந்துரைக்கிறது.

இப்போது 8 மெகாஹெர்ட்ஸில் 9600 பாட் எடுப்போம்.

```
UBRR = 51
8000000 / (16 x 52) = 9615
```

வகுத்தலால் வரும் பிழை +0.16% மட்டுமே. ஆனால் உள் ஆஸிலேட்டரைத் தொழிற்சாலையில் சரிசெய்யும்போதே ±10% வரை விலகலாம் என்று டேட்டாஷீட் சொல்கிறது. நம் சிப் 5% மெதுவாக ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் உண்மையான வேகம் சுமார் 9135, அதாவது −4.85%. ஒன்பதரை பிட்டில் இது 0.46 பிட் விலகல். எதிர்முனை துல்லியமாக இருந்தாலும் எல்லை தாண்டியாயிற்று. ஸ்டாப் பிட்டுக்கு வரும்போது பெறும் சிப், அதற்கு முந்தைய பிட்டின் ஓரத்தில் நிற்கிறது. ஃப்ரேமிங் எரர் அவ்வப்போது வருவது இதனால்தான்.

வேகத்தை 2400க்கு இறக்கினாலும் கடிகாரத்தின் 5% பிழை அப்படியே இருக்கும். பிட் நீள்வதற்கு ஏற்ப விலகலும் நீளும். 115200 போன்ற வேகங்களில் வகுத்தலின் பிழை பெரிதாவதால் அங்கு மட்டும் வேகம் மாற்றுவது உதவும். 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் சாதாரண முறையில் 115200 கேட்டால் 111111தான் கிடைக்கும், பிழை −3.5%.

எது குற்றவாளி என்று அறிய `U` எழுத்தை அனுப்பி, லாஜிக் அனலைசரில் ஸ்டார்ட் பிட்டின் விளிம்பிலிருந்து ஸ்டாப் பிட்டின் தொடக்கம் வரை அளக்கலாம். 9600இல் அது 937.5 மைக்ரோ நொடி. 985 என்று வந்தால், OSCCAL மதிப்பைத் திருத்துங்கள். வெப்பமும் மின்னழுத்தமும் மாறும் இடம் என்றால் கிரிஸ்டலையே பொருத்துங்கள்.