முழு உருவம் தெரிய எவ்வளவு உயரக் கண்ணாடி வேண்டும்?

புதுச்சேரி நேரு வீதியில் சேலை எடுப்பவர், அது பாதம் வரை எப்படி விழுகிறது என்று பார்க்க ஆள் உயரக் கண்ணாடியைத் தேடுவார். உண்மையில் அதில் பாதி உயரமே போதும்.

பாதத்திலிருந்து வரும் ஒளி, கண்ணாடியில் பட்ட அதே கோணத்தில் திரும்பிக் கண்ணை அடைகிறது. அதனால் அது படும் இடம் பாதத்துக்கும் கண்ணுக்கும் சரிபாதி உயரத்தில் அமைகிறது. உச்சந்தலைக்கும் இதே கணக்குதான்.

ஒருவரின் உயரம் 160 செ.மீ., கண் மட்டம் 150 செ.மீ. என்று கொள்வோம். கண்ணாடியின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 75 செ.மீ., மேல் விளிம்பு 155 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். இடைவெளி 80 செ.மீ., அதாவது உயரத்தில் சரிபாதி.

இதே கண்ணாடியைப் பத்து செ.மீ. மேலே மாட்டினால் பாதம் மறைந்துவிடும். பலரும் உடனே பின்னால் நகர்ந்து பார்ப்பார்கள், பயன் இருக்காது. தூரம் கூடும்போது பிம்பமும் அதே அளவு விலகுவதால், ஒளி படும் இடம் மாறுவதில்லை. கண்ணாடியைத்தான் இறக்க வேண்டும்.

வீட்டில் 120 செ.மீ. உயரக் குழந்தையும் இருந்தால், அதன் கண் மட்டம் 110 செ.மீ. எனில், கீழ் விளிம்பு 55 செ.மீ.க்கு இறங்க வேண்டும். அப்போது இருவருக்கும் பொதுவாக 100 செ.மீ. கண்ணாடி தேவை. சுவரில் செங்குத்தாக மாட்டிய சமதளக் கண்ணாடிக்கே இந்தக் கணக்கு. சாய்த்து வைத்தால் பொருந்தாது.