டன்னுக்கு 3,000 லாபம் வச்சு வித்தும் நஷ்டமா? FIFO சொல்ற உண்மைக் கணக்கு

திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கம்பி வியாபாரம் பண்றவங்களுக்கு 2022 மறக்காது. ஏறிட்டே இருந்த இரும்பு விலை இறங்க ஆரம்பிச்ச நேரத்துல, மே மாசம் மத்திய அரசு பல ஸ்டீல் பொருட்களுக்கு 15% ஏற்றுமதி வரி போட்டது. வெளிநாடு போக வேண்டிய சரக்கு உள்ளூர்லயே தங்க, விலை இன்னும் சரிஞ்சது. அந்த மாதிரி நேரத்துல FIFO எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு கடையை வச்சுப் பார்ப்போம். விலைகள் கணக்குக்காக நான் எடுத்துக்கிட்டவை.

ஒரே சைஸ் கம்பி மூணு லோடு வருது. முதல் லோடு 10 டன், டன் 60,000 ரூபாய். ரெண்டாவது 10 டன், 66,000. விலை இறங்கின பிறகு மூணாவது 10 டன், 54,000. ஒவ்வொரு லோடும் கணக்குல தனித்தனி அடுக்கு. லாரி வாடகை, இறக்குக் கூலி எல்லாம் அந்தந்த அடுக்கோட விலையில சேரணும். கிரெடிட் எடுக்கிற ஜிஎஸ்டி சேராது.

மூணாவது லோடு வர்றதுக்கு முன்னாடியே 15 டன் 68,000-க்கு வித்தாச்சு. பழைய அடுக்குதான் முதல்ல காலியாகும்: 10 டன் 60,000-ல, 5 டன் 66,000-ல. அடக்கம் 9,30,000. விற்பனை 10,20,000. லாபம் 90,000.

இப்ப மூணாவது லோடு வருது. ஓனர் புது பில்லைப் பார்த்து, 54,000 கூட 3,000 சேர்த்து 57,000-க்கு 5 டன் விக்கிறார். 15,000 லாபம்னு நினைக்கிறார். ஆனா கணக்குல வெளியே போறது மிச்சமிருந்த 66,000 அடுக்கு. அடக்கம் 3,30,000, விற்பனை 2,85,000. நஷ்டம் 45,000! பையன் மேல கிடந்த புதுக் கம்பியையே எடுத்துக் கொடுத்திருந்தாலும் கணக்கு மாறாது.

சந்தை விலை 57,000-னா அந்த விலைக்குத்தான் விக்க முடியும், அது தப்பில்லை. முதல்ல வந்த 90,000-ஐ முழுசா வீட்டுச் செலவுக்கு எடுத்ததுதான் தப்பு. அதுல பாதி, பின்னாடி வந்த இந்த நஷ்டத்துக்கே போயிடுச்சு. விலை ஆடுற காலத்துல பணம் எடுக்கிறதுக்கு முன்னாடி, கையில மிச்சமிருக்கிற அடுக்குகளோட விலையைப் பாருங்க.

அந்த 5 டன் விக்காம, மொத்தம் 15 டன்னும் மார்ச் 31 வரை கிடந்தா? அடக்கம் 8,70,000. செலவு போக டன்னுக்கு 57,000 தான் கிடைக்கும்னா மொத்தம் 8,55,000. எது குறைவோ அதைத்தான் ஸ்டாக் மதிப்பா காட்டணும். 15,000 நஷ்டம் அந்த வருஷமே வந்துடும்.

Tally-ல ஐட்டத்தோட `Costing Method` எதுவா இருக்குன்னு இன்னைக்கே பாருங்க. யாரும் மாத்தலைன்னா பெரும்பாலும் `Avg. Cost`-ல தான் இருக்கும். லாபத்துக்கு ஏத்த மாதிரி வருஷா வருஷம் முறையை மாத்த முடியாது. கடைசியா வந்ததை முதல்ல கழிக்கிற LIFO-வுக்கு நம்ம கணக்கியல் தரம் AS 2-ல இடமே இல்லை.