எட்டு வீதத்துக்கு வாங்கிப் பதின்மூன்று வீதத்துக்குக் கொடுக்கும் வங்கி: மிச்சம் ஐந்தும் எங்கே போகிறது?

வன்னியில் செய்தி சேகரிக்கப் போகும் இடங்களில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று வங்கி வட்டி பற்றியது. கிளிநொச்சியில் ஓர் அம்மா அதை இப்படிக் கேட்டார்: "தம்பி, மகன் அனுப்பின காசை நிலையான வைப்பில போட்டன். எட்டு வீதம் தாறாங்கள். மருமகன் கடன் எடுக்கப் போனா பதின்மூன்று வீதம் கேக்கிறாங்கள். என்ர காசைத்தானே அவனுக்குக் குடுக்கிறாங்கள்? மிச்சம் ஐஞ்சும் ஆருக்கு?"

கேள்வி நியாயமானது. ஆனால் அந்த ஐந்தும் அப்படியே வங்கியின் பைக்குள் போவதில்லை. ஓர் இலட்சம் ரூபாவை வைத்துக் கணக்குப் பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்பதற்காக வட்டி வீதங்களையும் செலவுகளையும் உத்தேசமாக எடுத்திருக்கிறேன். வங்கிக்கு வங்கி அவை மாறும்.

அந்த அம்மா ஓர் இலட்சத்தை வைப்பிலிட்டதும் அது வங்கியின் காசாகிவிடுகிறது. அவரிடம் இருப்பது, கேட்கும்போது அல்லது தவணை முடியும்போது திருப்பித் தருவோம் என்ற வங்கியின் வாக்குறுதி. வைப்பு என்பது உண்மையில் நாங்கள் வங்கிக்குக் கொடுக்கும் கடன்தான்.

அந்த ஓர் இலட்சத்தில் 2,000 ரூபாவை வங்கி தொடவே முடியாது. வர்த்தக வங்கிகள் தங்கள் ரூபா வைப்புகளில் குறிப்பிட்ட பங்கை இலங்கை மத்திய வங்கியில் வைத்திருக்க வேண்டும். நியதி ஒதுக்கு விகிதம் என்பது இதுதான். 2023 ஆகஸ்ட் மாதம் இது 4 வீதத்திலிருந்து 2 வீதமாகக் குறைக்கப்பட்டது. அந்த ஒரே முடிவால் ஏறத்தாழ 200 பில்லியன் ரூபா வங்கிகளின் கைக்குத் திரும்பியது. ஒதுக்கில் இருக்கும் காசுக்கு மத்திய வங்கி வட்டி தருவதில்லை. ஆனால் வங்கி அந்த 2,000 ரூபாவுக்கும் சேர்த்துத்தான் அம்மாவுக்கு எட்டு வீதம் கொடுக்கிறது.

இன்னும் 3,000 ரூபா காசாளரின் மேசையிலும் ஏ.ரி.எம். இயந்திரத்திலும் தாள்களாக இருக்கிறது என்று வைப்போம். அதற்கும் வருமானம் இல்லை. வேறொரு 15,000 ரூபாவுக்கு வங்கி திறைசேரி உண்டியல்களை வாங்குகிறது. ஒரே நாளில் பலர் காசு கேட்டு வந்தால் உடனே விற்றுக் காசாக்கக்கூடியவை அவை. அவற்றுக்கு 8 வீதம் கிடைத்தால் வருடத்துக்கு 1,200 ரூபா.

மிஞ்சும் 80,000 ரூபாதான் கடனாகப் போகிறது. 13 வீதத்தில் அது 10,400 ரூபாவைக் கொண்டுவரும். மொத்த வருமானம் 11,600. அம்மாவுக்கு வட்டி 8,000. வங்கியிடம் நிற்பது 3,600. கிளையின் வாடகை, சம்பளம், காவலாளி, கணினி எல்லாவற்றுக்குமாக 1,800 போனால் பாதி முடிந்தது. கொடுத்த கடனில் நூற்றுக்கு ஒன்றரை ரூபா திரும்பி வராது என்று எடுத்தால் இன்னொரு 1,200 குறையும். கடைசியில் 600 ரூபா. வரியும் பங்குதாரரின் இலாபமும் அதற்குள்தான்.

அப்படியென்றால் வங்கிகள் எப்படி இவ்வளவு இலாபம் காட்டுகின்றன? பதில் எங்கள் சேமிப்புப் புத்தகங்களில் இருக்கிறது. அதே ஓர் இலட்சம் 3 வீத வட்டியில் சேமிப்புக் கணக்கில் கிடந்தால் வங்கி கொடுப்பது 3,000 ரூபா மட்டுமே. மற்றச் செலவுகள் அதேயளவு என்றால் 600 ரூபா நின்ற இடத்தில் 5,600 நிற்கும். "எப்பவும் எடுக்கலாம்" என்ற வசதிக்கு நாங்கள் கொடுக்கும் விலை அது. வெளிநாட்டுக் காசை வருடக்கணக்கில் தொடாமல் சேமிப்புக் கணக்கிலேயே விட்டிருக்கும் பலரை எனக்குத் தெரியும். அவசரத்துக்குத் தேவையானதை மட்டும் அங்கே விட்டுவிட்டு, மிச்சத்தைத் தவணை வைப்பில் போட்டிருக்கலாமே என்று தோன்றும்.

உங்கள் காசைத்தான் வங்கி எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கிறது என்பதும் பாதி உண்மைதான். மருமகனுக்கு 5 இலட்சம் கடன் கிடைத்தால், வங்கி யாருடைய கணக்கிலிருந்தும் 5 இலட்சத்தைக் கழிப்பதில்லை. அவருடைய கணக்கில் 5 இலட்சம் என்று எழுதுகிறது. அந்த நேரத்தில் ஒரு கடனும் ஒரு புதிய வைப்பும் சேர்ந்து பிறக்கின்றன. அப்படியானால் வங்கி விரும்பியபடி எழுதிக்கொண்டே போகலாம்தானே? முடியாது. அவர் அந்தக் காசில் ஒரு பழைய லாண்ட்மாஸ்டரை வாங்குகிறார். விற்றவரின் கணக்கு யாழ்ப்பாணத்தில் வேறொரு வங்கியில் இருக்கிறது. இப்போது முதல் வங்கி, மத்திய வங்கியிலுள்ள தன் கணக்கிலிருந்து மற்ற வங்கியின் கணக்குக்கு உண்மையாகவே 5 இலட்சத்தை மாற்ற வேண்டும். அங்கே காசு இல்லாவிட்டால் எழுதிய எழுத்துக்கு மதிப்பில்லை. வைப்புகளுக்காக வங்கிகள் போட்டி போடுவது இதனால்தான்.

பலவீனமும் இங்கேதான். அம்மாவின் வைப்பு ஒரு வருடத்துக்கு. மருமகனின் கடன் ஐந்து வருடத்துக்கு. எல்லா வைப்பாளர்களும் ஒரே வாரத்தில் வந்து நின்றால், நல்ல வங்கியாலும் உடனே கொடுக்க முடியாது. கடன்கள் அறவிட முடியாமல் போயிருந்தால் நிலைமை இன்னும் மோசம். தி பினான்ஸ் கம்பனியின் உரிமத்தை மத்திய வங்கி 2020 மே மாதம் இரத்துச் செய்தபோது, வைப்பாளர்களுக்கு வைப்புக் காப்புறுதியிலிருந்து அதிகபட்சமாக 6 இலட்சம் ரூபாதான் கிடைத்தது. இப்போது அந்த எல்லை 11 இலட்சம். இது ஒரு கணக்குக்கான எல்லை இல்லை. ஒரே நிறுவனத்தில் நான்கு புத்தகங்கள் வைத்திருந்தாலும் ஒருவருக்கு மொத்தமாக 11 இலட்சம்தான். மத்திய வங்கியின் உரிமம் இல்லாத இடத்தில் போட்ட காசுக்கு இந்தக் காப்புறுதி அறவே இல்லை.

மேலே போட்ட கணக்கைத் திருப்பிப் பார்த்தால் ஓர் எச்சரிக்கையும் கிடைக்கும். வங்கிகள் 8 வீதம் தரும் காலத்தில் ஒருவர் 15 வீதம் தருகிறேன் என்றால், அவர் அந்தக் காசை 20 வீதத்துக்கும் மேலே கடன் கொடுத்தாக வேண்டும். அந்த வட்டிக்குக் கடன் எடுப்பவர் யார்? வங்கியில் கிடைக்காதவர். அவருடைய கடன் திரும்பி வராத ஆபத்தை வைப்பாளரும் சேர்ந்தே சுமக்கிறார்.

வட்டி எல்லாம் ஒரே வேகத்தில் மாறுவதுமில்லை. 2022 இல் மத்திய வங்கி வட்டியைக் கடுமையாக உயர்த்தியபோது நிலையான வைப்பு வட்டி 20 வீதத்தையும் தாண்டியது. 2023 இல் கொள்கை வட்டி இறங்கத் தொடங்கியதும் புதிய வைப்புகளுக்கான வட்டி விரைவாக விழுந்தது. கடன் வட்டி மெதுவாகத்தான் இறங்கியது. முந்திய வருடம் கூடிய வட்டிக்கு வாங்கிய வைப்புகள் இன்னும் முடியவில்லை என்பது வங்கிகளின் நியாயம். அதில் உண்மை இருந்தது. ஆனாலும் மத்திய வங்கி அதை முழுதாக ஏற்கவில்லை. 2023 ஆகஸ்டில் நகை அடகுக்கு 18 வீதம் என்று உச்ச வட்டி விதித்தது.

மருமகனின் 13 வீதத்துக்குத் திரும்பினால், அதுவும் எல்லோருக்கும் கிடைக்கும் வீதம் இல்லை. திரும்பி வராது என்று வங்கி எதிர்பார்க்கும் பங்கு கூடக்கூட வட்டியும் கூடும். காணி உறுதியும் நிரந்தர வருமானமும் உள்ளவருக்கு அது குறைவு. இடம்பெயர்வில் உறுதியைத் தொலைத்தவர், கணவரின் பெயரில் உள்ள காணியை மாற்ற முடியாமல் இருக்கும் பெண், பருவத்துக்குப் பருவம் மட்டும் வருமானம் காணும் விவசாயி எல்லோரும் வங்கியின் கணக்கில் ஆபத்து கூடியவர்கள். அவர்களுடைய வைப்பை எந்தக் கிளையும் மறுக்காது. கடன் கேட்கும்போதுதான் அடகுப் பிரிவைக் காட்டுவார்கள். நகையும் இல்லாவிட்டால் அடுத்த வாசல் நுண்கடன் நிறுவனம். போர் தொலைத்த ஆவணத்தின் விலை அங்கே ஒவ்வொரு கிழமையும் வட்டியாக அறவிடப்படுகிறது.