புதினமும் குறிப்பேடும்

திண்டுக்கல் நகரின் தென்மேற்கே அமைந்துள்ள வத்தலக்குண்டு, தமிழ்ப் புதின வரலாற்றில் இடம்பெற்ற ஊராகும். 1872-ஆம் ஆண்டில் அவ்வூரில் பிறந்த இராஜம் ஐயர், தம் இருபதாம் வயதை ஒட்டிய பருவத்திலேயே ‘கமலாம்பாள் சரித்திரம்’ என்னும் புதினத்தை எழுதத் தொடங்கினார். அது 1893 முதல் ‘விவேக சிந்தாமணி’ என்னும் திங்களிதழில் தொடர்ந்து வெளிவந்து, 1896-இல் நூலாயிற்று. ‘ஆபத்துக்கிடமான அபவாதம்’ என்பது அதன் மற்றொரு பெயர். அபவாதம் என்பது பழிச்சொல்.

பேகம்பூர் மாணவன் ஒருவன், இந்நூலைப் படித்துத் தேர்வுக்கென எழுதிய குறிப்பேட்டை ஒருநாள் என்னிடம் காட்டினான். கமலாம்பாள் என்னும் தலைப்பின்கீழ், ‘அழகும் அறிவும் உடையவள், நடத்தை ஐயத்திற்குரியது’ என்று எழுதியிருந்தான். “ஐயத்திற்குரியது என்று சொன்னவர் யார்?” என்று வினவினேன். “நூலில் இருக்கிறது, ஐயா” என்றான். நூலில் இருப்பது உண்மையே. ஆயினும் அது ஆசிரியர் கூற்றன்று. கதையில் வரும் வம்பர்கள் கட்டிய பேச்சு. கதைத்தலைவர் முத்துஸ்வாமி ஐயர் எந்தப் பிழையைச் செய்து தம் குடும்பத்தைத் துன்பத்துள் ஆழ்த்தினாரோ, அதே பிழையை அம்மாணவனும் தன் குறிப்பேட்டில் செய்துவிட்டான்.

இப்பிழை நேராதவாறு குறிப்பெழுதும் முறையைக் காண்போம். முதன்முறை படிக்கும்போது குறிப்பெழுதல் வேண்டா. கருத்தில் தைத்த இடங்களில், ஏட்டின் ஓரத்தே எழுதுகோலால் மெல்லிய கோடு ஒன்று இட்டால் போதும். ஓர் அத்தியாயம் முடிந்ததும் நூலை மூடிவைத்து, அதில் என்ன மாறியது என்பதை ஒரே வரியில் எழுதுக. கதை எவ்வழிச் சென்றது என்பதை அவ்வரிகளே பின்னர்க் காட்டும். இரண்டாம் முறை படிக்கும்போதே விரிவான குறிப்புகளை எழுதத் தொடங்குதல் நன்று.

கதைமாந்தர் ஒவ்வொருவர்க்கும் ஒரு தாளை ஒதுக்கி, அதனை மூன்று பத்திகளாகப் பிரித்துக்கொள்க. முதற் பத்தியில் அவர் செய்தவை. இரண்டாம் பத்தியில் அவர் சொன்னவை. மூன்றாம் பத்தியில் அவரைப்பற்றிப் பிறர் சொன்னவை. மூன்றாம் பத்தியில் எழுதும் ஒவ்வொன்றன் எதிரிலும் சொன்னவர் பெயரைத் தவறாது எழுதுக. கமலாம்பாளின் தாளை இவ்வாறு பிரித்தால், அவள்மீது சுமத்தப்பட்ட பழி முழுவதும் மூன்றாம் பத்தியில் மட்டுமே நிற்கக் காண்போம். அதற்குச் சான்றாக முதல் இரு பத்திகளில் ஒன்றும் இராது. இவ்வெற்றிடமே அவளது குணத்திற்குச் சான்றாகிறது. ‘நல்லவள்’, ‘பொறுமையுடையவள்’ என்ற அடைமொழிகளை நிரப்புவதினும் இக்கண்டறிவு கட்டுரைக்கு மிகப் பயன்படும். முத்துஸ்வாமி ஐயரின் தம்பி மனைவியாகிய பொன்னம்மாளின் தாளோ இதற்கு மாறானது. அவளது பொறாமைக்கு அவள் செயலும் சொல்லுமே சான்று.

அடுத்தது கருப்பொருள். ‘பழிச்சொல்’ என்று ஒரு சொல்லை எழுதிவைப்பது கருப்பொருட் குறிப்பு ஆகாது. அது தலைப்பே ஆகும். அச்சொல்லைப் பற்றி நூல் என்ன கூறுகிறது என்பதை ஒரு முழு வாக்கியமாக எழுதல் வேண்டும். ‘பழிச்சொல் கேடு விளைப்பது, சொல்வோரால் மட்டுமன்று, ஆராயாது ஏற்போராலும்’ என்று எழுதுவதாகக் கொள்வோம். இனி, இவ்வாக்கியத்தைக் கதை நிகழ்ச்சிகளோடு ஒப்பிட்டு ஆராய்தல் வேண்டும். பொன்னம்மாளின் சொற்கேட்டு உடன்பிறந்தார் இருவர் பிரிகின்றனர், வாக்கியம் பொருந்துகிறது. மனைவிமீது அன்புடைய முத்துஸ்வாமி ஐயரே அவளைப்பற்றிய பழியை நம்பி இல்லம் நீங்குகிறார், இங்கும் பொருந்துகிறது. ஆனால் குழந்தை நடராஜன் காணாமற்போகும் துயரத்திற்கு இது பொருந்தவில்லை. பொருந்தாத நிகழ்ச்சியை மறைத்தல் கூடாது. துன்பம் மனிதனை இறைவன்பால் திருப்புகிறது என்னும் இரண்டாவது கருப்பொருள் ஒன்று உண்டென்பதை அந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. அதற்குத் தனித் தாள் ஒன்று வகுத்துக்கொள்க.

மூன்றாவது மேற்கோள். மாணவர் பலர் முழுப் பக்கத்தையே பெயர்த்தெழுதிப் பின்னர் மனப்பாடம் செய்ய இயலாது வருந்துவர். மேற்கோள் குறுகியதாக இருத்தல் வேண்டும். ஐந்தாறு சொற்கள் போதும். சிறுகுளத்து வம்புப் பேச்சாளர் கூட்டத்திற்கு ஆசிரியர் சூட்டிய ‘வம்பர் மகாசபை’ என்னும் பெயரை நோக்குக. இரண்டே சொற்கள், ஆயினும் வீண்பேச்சுக்கு மகாசபை என்று பெயரிட்டதிலுள்ள நகையும் கண்டனமும் அவற்றுள் அடங்கியுள்ளன.

ஒவ்வொரு மேற்கோளின் கீழும் நான்கு செய்திகளை எழுதுக: கூறியவர் யார், யாரிடம் கூறினார், எப்பொழுது கூறினார், எந்த அத்தியாயம். பதிப்புக்குப் பதிப்புப் பக்க எண் மாறுமாதலின் அத்தியாய எண்ணே நம்பத்தக்கது. மறுநாள் குறிப்பை மூடிவிட்டு மேற்கோளை எழுதி, எழுத்தெழுத்தாக நூலோடு ஒப்பிடுக. ஆசிரியர் ‘ஸ்ரீநிவாசன்’ என்று எழுதியிருக்க, மேற்கோளுக்குள் நாம் ‘சீனிவாசன்’ என்று திருத்தலாகாது. ஒரு சொல்லேனும் நினைவில் உறுதிப்படாவிடின், மேற்கோட் குறியை நீக்கி, அக்கருத்தை உம் சொல்லால் எழுதிவிடுக. ஆசிரியர் சொல்லாததை அவர் சொன்னதாகக் காட்டுவதும் ஒருவகை அபவாதமே அன்றோ?

தேர்வில், ‘கமலாம்பாள் சரித்திரம் உணர்த்தும் நீதி யாது?’ என்று வினா வருவதாகக் கொள்வோம். ஒரு பத்தியைப் பின்வருமாறு அமைக்கலாம்: ‘ஆராயாது நம்புதலே பழிச்சொல்லுக்கு வலிமை தருகிறது. முத்துஸ்வாமி ஐயர் தம் மனைவியின் செயல்களை நெடுங்காலம் கண்டறிந்தவர். எனினும் ஊர்ப்பேச்சை அவற்றினும் மேலாக மதித்தார். அப்பேச்சு பிறக்கும் இடத்திற்கு ஆசிரியர் “வம்பர் மகாசபை” என்று பெயரிட்டு நகைக்கிறார். நகைப்பிற்கிடமான கூட்டம் ஒன்று நல்லதொரு குடும்பத்தைக் குலைப்பதே இக்கதையின் அவலம்.’ இப்பத்தியில் முதலில் கருத்தும், அடுத்து நிகழ்ச்சியும், பின் மேற்கோளும், இறுதியில் அவற்றை இணைக்கும் முடிபும் நின்றன. மூன்று வகைத் தாள்களும் இங்கு ஒன்றுகூடின.

கட்டுரை வழிதவறியதை அறிய எளிய அடையாளம் ஒன்றுண்டு. பத்திகள் ‘பிறகு’, ‘அதன்பின்’ என்று தொடங்கின், நீர் கதையைத் திருப்பிச் சொல்கின்றீர். வினாவிற்கு விடை கூறவில்லை. அவ்விடத்தே நின்று, கருப்பொருள் வாக்கியத்தை மீண்டும் நினைவுகூர்க.

அம்மாணவன் தன் குறிப்பேட்டை எடுத்துச்சென்று, மறுவாரம் மீண்டும் கொணர்ந்தான். ‘நடத்தை ஐயத்திற்குரியது’ என்னும் வரி அடிக்கப்பட்டு மூன்றாம் பத்திக்குச் சென்றிருந்தது. அதன் எதிரே, ‘சொன்னவர்: ஊர் வம்பர், கண்டவர்: ஒருவருமில்லை’ என்று எழுதியிருந்தான்.

அருஞ்சொற்பொருள்
அபவாதம் – பழிச்சொல்
முடிபு – தீர்ந்த கருத்து
அவலம் – துன்பம்

வினாக்கள்
1. கதைமாந்தர் தாளின் மூன்று பத்திகள் யாவை?
2. தலைப்புக்கும் கருப்பொருள் வாக்கியத்திற்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
3. நீர் படித்த கதை ஒன்றின் தலைமைமாந்தர்க்குக் குறிப்புத்தாள் ஒன்று எழுதுக.