கோடு போடுவதற்கு முன் புள்ளி வையுங்கள்

அலுவலகக் கூட்டங்களில் அடிக்கடி தலைகாட்டும் ஸ்லைடு ஒன்று உண்டு. ஒரு பெரிய சதுரம், நடுவே கூட்டல் குறிபோல் இரண்டு கோடுகள், நான்கு கட்டங்கள். இடமிருந்து வலமாகப் போகப் போக உழைப்பு கூடும்; கீழிருந்து மேலே போகப் போக பலன் கூடும். செய்யலாம் என்று நினைக்கும் வேலைகளையெல்லாம் புள்ளிகளாக அதில் வைப்பார்கள். குறைந்த உழைப்பில் நிறைந்த பலன் தருபவை இடப்பக்க மேல் கட்டத்தில் விழும். அவற்றை முதலில் செய் என்பதுதான் படம் சொல்லும் சேதி. சிலர் உழைப்பைத் திருப்பிப் போட்டு, சுலபமானதை வலப்பக்கம் வைப்பார்கள். அதனால் எந்த ஸ்லைடிலும் கட்டங்களுக்கு முன் அச்சில் எழுதியிருப்பதைப் படித்துவிடுவது நல்லது.

பார்க்க எளிதான இந்தப் படம் எங்கே காலை வாருகிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம். ஒரு நடுத்தர மருத்துவமனை. புறநோயாளிகள் பிரிவுக்கு வருபவர் மருந்து வாங்கி வெளியேற மூன்று மணி நேரம் ஆகிறது. அதைக் குறைக்க ஆறு யோசனைகள் வந்திருக்கின்றன.

முதலில் அளவுகோல் வேண்டும். 'அதிகம்', 'குறைவு' என்று மட்டும் எழுதினால் எல்லோரும் தங்கள் யோசனையை மேல் கட்டத்துக்கே தள்ளுவார்கள். ஆகவே பலன் என்றால் ஒரு நோயாளிக்கு மிச்சமாகும் நிமிடங்கள். உழைப்பு என்றால் ஆள்நாள், அதாவது ஒருவர் ஒரு நாளில் செய்யும் வேலை. உழைப்பைச் சொல்ல வேண்டியவர் அந்த வேலையைச் செய்யப்போகிறவர். மொபைல் செயலியை ஒரு வாரத்தில் கொண்டுவந்துவிடலாம் என்று நிர்வாகி நினைக்கலாம். பழைய நோயாளிகளின் விவரங்களை ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டிய பதிவுக் கவுன்டர் ஊழியரிடம் கேட்டால்தான் உண்மைக் கணக்கு வரும்.

அப்படிக் கேட்டதில் கிடைத்தது இது என்று வைத்துக்கொள்வோம். மறுபடி வரும் நோயாளிகளுக்குத் தனி வரிசை: 2 ஆள்நாள், 10 நிமிடம் மிச்சம். வழிகாட்டிப் பலகைகள்: 3 ஆள்நாள், 3 நிமிடம். மருந்து கொடுக்க இன்னொரு கவுன்டர்: 15 ஆள்நாள், 20 நிமிடம். காத்திருப்புக் கூடத்தைப் புதுப்பிக்க 40 ஆள்நாள். நிமிடம் ஒன்றும் மிச்சமில்லை. நேரம் ஒதுக்கி டோக்கன் தரும் முறை: 60 ஆள்நாள், 45 நிமிடம். செயலி: 120 ஆள்நாள், 15 நிமிடம்.

இனிக் கோடு. பெரும்பாலானோர் ஆயத்த வார்ப்புருவை எடுத்து, சரியாக நடுவில் கோடு உள்ள படத்தில் புள்ளிகளை வைப்பார்கள். இங்கே நடு என்பது 60 ஆள்நாள், இருபத்திரண்டரை நிமிடம். விளைவு விசித்திரமானது. 'முதலில் செய்' கட்டம் காலி! தனி வரிசையும் பலகையும் மருந்துக் கவுன்டரும், நிமிடமே மிச்சப்படுத்தாத கூடமும் ஒரே கட்டத்தில் கிடக்கும். டோக்கன் முறை கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிடும்.

சரி, கோட்டை 30 ஆள்நாளுக்கும் 12 நிமிடத்துக்கும் நகர்த்துவோம். மருந்துக் கவுன்டர் மேலே இடப்பக்கம் வந்துவிட்டது, நியாயம்தான். ஆனால் டோக்கன் முறையும் செயலியும் 'பெரிய திட்டங்கள்' என்ற ஒரே கட்டத்தில் தோளோடு தோள் நிற்கின்றன. ஓர் ஆள்நாளுக்கு டோக்கன் முறை முக்கால் நிமிடம் தருகிறது. செயலி தருவது அதில் ஆறில் ஒரு பங்குதான். தனி வரிசையோ ஓர் ஆள்நாளுக்கு 5 நிமிடம் தருகிறது. ஆறிலும் அதுவே முதல். அதைப் போய் 12 நிமிடத்துக்குக் கீழே என்பதால் 'நேரம் இருந்தால் செய்' கட்டத்தில் போட்டிருக்கிறோம்.

ஆக, கட்டத்தின் பெயரை நம்பி முடிவெடுத்தால் ஏமாந்துதான் போவோம். புள்ளிகளை முதலில் வைத்து, அவை இயல்பாகப் பிரியும் இடத்தில் கோடு போட வேண்டும். கோட்டருகே நிற்பவற்றை இடக்கீழ் மூலையிலிருந்து பார்க்கும் சாய்வை வைத்து மதிப்பிட வேண்டும்: சாய்வு எவ்வளவு செங்குத்தோ, உழைப்புக்கு அவ்வளவு பலன்.

இந்தப் படத்தால் சொல்ல முடியாததும் உண்டு. மருத்துவர் குறித்த நேரத்துக்கு வராவிட்டால் டோக்கன் முறையின் 45 நிமிடமும் கனவுதான். அந்தச் சார்பு புள்ளியில் தெரியாது, ஓர் அம்புக்குறியோ குறிப்போ தேவை. கூடத்தைப் புதுப்பிப்பதும் வீண் வேலை அல்ல. உட்கார இடமில்லாமல் நிற்கும் முதியவருக்கு அது பெரிய உதவி. நாம் நிமிடத்தை அளந்தோம், வசதியை அளக்கவில்லை, அவ்வளவே.

ஸ்லைடு தயாரிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு புள்ளியின் பக்கத்திலும் அதன் நாளையும் நிமிடத்தையும் எழுதிவிடுங்கள். சபையில் யாராவது மறுக்க நினைத்தால் எதை மறுப்பது என்று அவருக்குத் தெரிய வேண்டும். தலைப்பில் 'முன்னுரிமைகள்' என்று பொதுவாகப் போடாமல், முடிவையே போடுங்கள்: 'தனி வரிசை இந்த வாரம், மருந்துக் கவுன்டர் அடுத்த மாதம், செயலி இந்த ஆண்டு வேண்டாம்.'